எக்ஸிட் ரோ சீட்: பணம் கட்டினாலும் எழுப்பிவிடுவது ஏன்?

ஒரு உதாரணம். அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக 67 வயது அம்மா டெல்லியிலிருந்து நியூவார்க்குக்கு அமெரிக்க விமானம் ஒன்றில் போகிறார். முழங்காலை மடக்கி வைத்தால் வலிக்கும். 'கால் நீட்டி உட்காரட்டும்' என்று மகன் கூடுதலாகப் பணம் கட்டி, அவசர வழியை ஒட்டிய எக்ஸிட் ரோ சீட்டைப் பிடித்துத் தருகிறார். விமானத்தில் ஏறியதும் பணியாளர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, அம்மா புரியாமல் தலையாட்டுகிறார். அடுத்த நிமிடம் அவருக்கு வேறு சீட். 'காசு கட்டியாச்சே, அப்புறம் ஏன் எழுப்புறாங்க?' என்ற கேள்வி நியாயமானதுதான்.

முதலில் அந்தக் காசு எதற்கு என்று பார்ப்போம். டிக்கெட் வாங்கினாலே ஒரு இருக்கை உண்டு. கூடுதல் கட்டணம் என்பது 'எனக்கு இந்த இடம்தான் வேண்டும்' என்று முன்கூட்டியே சொல்வதற்கு. கட்ட விரும்பாதவர்களுக்குச் செக்-இன் திறந்ததும், பெரும்பாலும் புறப்படுவதற்கு 24 அல்லது 48 மணி நேரம் முன்பு, மீதமுள்ள இடங்கள் இலவசமாகக் கிடைக்கும். இல்லையென்றால் நிறுவனமே ஒதுக்கிவிடும். பணம் கட்டிய இடத்தையும் பாதுகாப்புக் காரணத்துக்காக மாற்றும் உரிமையை நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன.

எக்ஸிட் ரோவில் அது வெறும் நிபந்தனை அல்ல, சட்டம். அமெரிக்க விமானங்களுக்கான கூட்டாட்சி விதி 121.585, அங்கே உட்காருபவரை அவசர காலத்தில் உதவ வேண்டியவராகவே பார்க்கிறது. கதவைத் திறக்கும் முறை அவருக்குப் புரிய வேண்டும். திறந்தால் வெளியே தீயோ புகையோ இருக்குமா என்று கணிக்க வேண்டும். சறுக்குப்பாதை சரியாக விரிந்ததா என்று பார்த்து, தானும் சட்டென்று வெளியேற வேண்டும். பெரிய விமானங்களில் இவை முழு உயரக் கதவுகள். பணியாளர் பக்கத்தில் இருந்தாலும் அவர் செயலிழந்தால் வேலை பயணியின் கைக்கு வரும்.

அதனால்தான் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும், கை கால்களில் போதிய வலுவும் அசைவும் வேண்டும், கவனிக்க வேண்டிய சிறு குழந்தை உடன் இருக்கக் கூடாது என்கிறது விதி. அச்சிட்ட அட்டையில் உள்ளதும் பணியாளரின் குரல் கட்டளையும் புரிய வேண்டும். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் தடையில்லை. வயதுக்கு மேல் வரம்பும் கிடையாது. 67 வயது என்பதற்காக மட்டும் அந்த அம்மாவை எழுப்ப முடியாது. முழங்காலும் மொழியும்தான் காரணம். தகுதியற்ற யாரும் அந்த இருக்கையில் இல்லை என்று பணியாளர் உறுதி செய்யாமல் விமானம் நகரவே கூடாது. பயணியே 'எனக்கு இது வேண்டாம்' என்றால் காரணம் கேட்காமல் மாற்றித் தர வேண்டும். இதைப் பலர் அறிவதில்லை.

சரி, கால் வலி உள்ளவர் என்ன செய்வது? கால் நீட்ட இடம் வேண்டும் என்றாலே எக்ஸிட் ரோதான் என்ற எண்ணம்தான் இங்கே வம்பு. (அங்கே கைப்பிடிக்குள் மடிக்கும் மேசை, புறப்படும்போதும் இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்க முடியாத நிலை, சில விமானங்களில் ஜன்னலோரக் காலை இடிக்கும் கதவின் புடைப்பு என்று வேறு சங்கடங்களும் உண்டு.) அமெரிக்காவுக்குப் போகும், வரும் விமானங்களில், வெளிநாட்டு நிறுவனமானாலும் சரி, மடக்க முடியாதபடி கால் விறைத்தவருக்கோ கட்டுப்போட்டு அசைக்க முடியாதவருக்கோ, அவர் வாங்கிய வகுப்புக்குள் தடுப்புச் சுவரை ஒட்டிய முன்வரிசையோ அதிக இடமுள்ள வேறு இருக்கையோ தர வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்தை அழைத்துச் சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் முடிந்த அளவே செய்வார்கள். சாதாரண முழங்கால் வலிக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள் பணம் கட்டுவதானால், எக்ஸிட் ரோ அல்லாத அதிக இடமுள்ள வரிசைக்கோ, எழுந்து நடக்க வசதியான வழிப்பாதை இருக்கைக்கோ கட்டுவது மேல்.

இதில் பயணியை மட்டும் குறை சொல்ல முடியாது. முன்பதிவுத் திரையில் எக்ஸிட் ரோ 'கூடுதல் கால் இடம்' என்ற விற்பனைப் பொருளாகத்தான் தெரிகிறது. தகுதிக்குச் சின்ன எழுத்தில் ஒரு கட்டம்; டிக் அடித்தால் போதும். பெரும்பாலும் மகனோ மகளோதான் அடிக்கிறார்கள். பயணம் செய்பவர் அதைப் பார்ப்பதே இல்லை. தகுதியில்லாமல் மாற்றப்பட்டால் கட்டணம் திரும்பாது என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. கதவுப் பக்கம் உட்காருபவரின் திறன் அவ்வளவு முக்கியம் என்றால், பணத்தை வாங்கும் முன்பே வயது, மொழி, கால் வலு பற்றி நான்கு நேரடிக் கேள்விகள் கேட்டு, 'இல்லை' என்பவருக்கு அந்த இருக்கையை விற்காமல் விடுவதில் நிறுவனங்களுக்கு என்ன சிரமம்?