மாமா என்றால் அங்கே அம்மா!

நம்ம ஊர் மாப்பிள்ளை பெண்ணின் அப்பாவை என்னவென்று கூப்பிடுவார்? 'மாமா' என்றுதான். சீன மொழியான மாண்டரினில் அதே ஒலிக்கு 'அம்மா' என்று அர்த்தம். ஆக, சிங்கப்பூர்க் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்த திருநெல்வேலி மாப்பிள்ளை, சீன மாமனாரைப் பார்த்துப் பாசத்தோடு 'மாமா' என்றால், மேஜைகளில் இருக்கிறவர்கள் மாமியாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நெல்லைச் சீமைக்குச் சிங்கப்பூர் புதிய ஊர் இல்லை. தென்காசி, கடையநல்லூர்க்காரர்கள் பல தலைமுறைகளாக அங்கே வேர்விட்டவர்கள். கடையநல்லூர் முஸ்லிம்கள் 1941-லேயே அங்கே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்குப் படிப்புக்கும் ஐ.டி. வேலைக்கும் போகிற பிள்ளைகளில் சிலர், அங்கேயே சீனப் பெண்ணை மணக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதால் அவர்களுக்குள் சிக்கல் இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு மாண்டரின்தான் மனசுக்கு நெருங்கிய மொழி என்றால், விருந்தில் மாப்பிள்ளை சொல்லும் நன்றியுரையில் நாலைந்து வாக்கியமாவது அந்த மொழியில் இருக்க வேண்டும். அந்த நாலைந்தில்தான் சூட்சுமம்.

பாளையங்கோட்டைப் பையன் ஒருவருக்கு அப்படி ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

முதல் வேலை: முறை வைத்தல்

நம் உறவுமுறையில் பெண்ணின் அப்பாவை 'அப்பா' என்று கூப்பிட முடியாது. அப்பாவின் அண்ணன், தம்பி பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை முறை. மாமா பிள்ளையும் அத்தை பிள்ளையும்தான் கட்டிக்கொள்ளும் முறை. அதனால் சொந்தத்தில் கட்டினாலும் அந்நியத்தில் கட்டினாலும், பெண்ணைப் பெற்றவர் 'மாமா', அவர் மனைவி 'அத்தை'. அவரை 'அப்பா' என்றால் கட்டிய பெண் தங்கையாகிவிடுவாள். ஆச்சிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

சீனர்கள் வழக்கம் நேர் எதிர். கல்யாணம் வரைக்கும் 'அங்கிள், ஆன்ட்டி' என்று கூப்பிட்ட மாப்பிள்ளை, கல்யாணத்தன்று 'பாபா', 'மாமா' என்று மாற வேண்டும். அப்பா, அம்மா என்று பொருள். இந்த மாற்றத்துக்கு மாண்டரினில் ஒரு பெயரே இருக்கிறது: 'கை கோவ்', அதாவது 'வாயை மாற்றுவது'. மாமனாருக்கும் மாமியாருக்கும் தனிச் சொற்கள் உண்டு. அவை மற்றவர்களிடம் அவர்களைப் பற்றிப் பேசும்போது சொல்பவை. முகத்துக்கு நேரே அப்பா, அம்மாதான்.

இந்த மாற்றம் நடக்கிற இடம் தேநீர்ச் சடங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒவ்வொரு பெரியவர் முன்னாலும் மண்டியிட்டோ குனிந்தோ, இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையை நீட்டி, அவரை முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, சிவப்பு உறையில் பணமோ நகையோ கொடுப்பார். அங்கே 'பாபா' என்று கூப்பிட்டுவிட்டு, மாலை விருந்தில் பழக்கதோஷத்தில் 'அங்கிள்' என்றால் மாமனாருக்குச் சுருக்கென்று இருக்கும். காலையில் கொடுத்த முறையை மாலையில் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி.

இன்னொரு பள்ளமும் உண்டு. மாமியாரைத் தமிழிலேயே 'அம்மா' என்று கூப்பிட்டுவிடலாமே என்று தோன்றும். ஹொக்கியன், தியோச்சூ பேசும் சீன வீடுகளில் 'அ மா' என்றால் பாட்டி! மகளுக்கு இன்றைக்குத்தான் கல்யாணம் முடிந்திருக்கிறது. அதற்குள் அவரைப் பாட்டியாக்க வேண்டுமா?

'நன்றி' போதாது

நம் வீட்டில் அம்மா சோறு போட்டால் 'நன்றி' என்று யாராவது சொல்கிறோமா? சொன்னால், 'என்ன, அசலூர்க்காரன் மாதிரி பேசுற?' என்பார்கள். சீனர்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். 'சியே சிய' என்றால் நன்றி. நெருங்கியவர்களிடம் அதை அதிகம் சொன்னால், விருந்தாளி மாதிரி ஒதுங்கி நிற்பதாக அர்த்தமாகிவிடும்.

அதனால் பெற்றவர்களுக்குச் சொல்ல வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'சின் கூ ல'. 'சின்' என்றால் காரம், 'கூ' என்றால் கசப்பு. காரத்தையும் கசப்பையும் நீங்கள் விழுங்கினீர்கள் என்பது அடியில் இருக்கும் பொருள். 'எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்திருக்கீங்க' என்று நாம் சொல்வதற்கு இணை. கடைக்காரரிடமோ மேலதிகாரியிடமோ வெறும் 'சியே சிய' போதும். மகளை இருபத்தைந்து, முப்பது வருஷம் வளர்த்துக் கொடுத்தவர்களிடம் 'சின் கூ ல' சொன்னால்தான் அது போய்ச் சேரும்.

ஐந்தே வாக்கியம்

விருந்தில் பேச்சு மூன்று நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அடுத்த தட்டு வர வேண்டும், அதற்குள் எல்லோரும் கோப்பையைத் தூக்கி 'யாஆஆம் செங்!' என்று மூச்சு முட்டக் கத்த வேண்டும். மாப்பிள்ளை மற்றவற்றை ஆங்கிலத்தில் பேசிவிட்டு, பெண்ணின் பெற்றோர் பக்கம் திரும்பி இந்த ஐந்தை மட்டும் மாண்டரினில் சொன்னால் போதும்.

1. 'பாபா, மாமா, சின் கூ ல.' - அப்பா, அம்மா, ரொம்பக் கஷ்டப்பட்டு வளர்த்திருக்கீங்க.

2. 'சியே சிய நீ மென் பா ந்யூ அர் ஜியாவ் கெய் வோ.' - உங்க மகளை என்னிடம் ஒப்படைச்சதுக்கு நன்றி.

3. 'வோ ஹ்வேய் ஹாவ் ஹாவ் ஜாவ் கூ தா.' - அவளை நான் நல்லாப் பார்த்துக்கிடுவேன்.

4. 'வோ த ஹுவா யூ பூ ஹாவ், சிங் துவோ துவோ பாவ் ஹான்.' - என் மாண்டரின் சுமார்தான், பொறுத்துக்கோங்க. (சிங்கப்பூரில் மாண்டரினை 'ஹுவா யூ' என்றே சொல்வார்கள்.)

5. 'வோ மென் ஷ யீ ஜியா ழென் ல.' - இனிமே நாம ஒரே குடும்பம்.

ஐந்தாவதில் 'ழென்' வருவதைக் கவனித்தீர்களா? மனிதர் என்று பொருள். வெளிநாட்டுக்காரர்கள் பலர் அந்த ஒலியில் தடுமாறுவார்கள். நம் 'ழ' அதற்கு மிக நெருக்கம்.

எங்கே சறுக்கும்?

தமிழ் எழுத்தில் இரண்டு விஷயம் எழுத வராது. ஒன்று, மூச்சு. 'பாபா'வில் வரும் 'பா' நம் பழத்தின் ப-வைப் போல மூச்சில்லாமல் வரும். ஆனால் 'சின் கூ'வில் உள்ள 'கூ'வும், 'அவள்' என்று பொருள்படும் 'தா'வும் மூச்சை வெளியே தள்ளிச் சொல்ல வேண்டியவை. உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பார்க்கலாம். 'தா'வுக்குக் காகிதம் துள்ள வேண்டும், 'பா'வுக்குச் சும்மா இருக்க வேண்டும். மூன்றாம் வாக்கியத்தில் இதற்கே ஒரு சோதனை இருக்கிறது. 'ஜாவ் கூ'வில் வரும் 'கூ'வுக்கு மூச்சு கிடையாது, அடுத்த 'தா'வுக்கு உண்டு.

இரண்டாவது, சுருதி. மாண்டரினில் ஒரே அசையை நான்கு ராகத்தில் சொன்னால் நான்கு அர்த்தம். 'மா'வை உயரத்தில் சமமாகப் பிடித்தால் அம்மா. கீழே இறக்கித் தாழ்வாகச் சொன்னால் குதிரை. மேலிருந்து வெட்டினாற்போல் இறக்கினால் திட்டுவது. மாமியாரைக் கூப்பிடும்போது முதல் 'மா'வைத் தம்புரா சுருதி மாதிரி உயரத்தில் ஒரே சமமாகப் பிடித்து, இரண்டாவது 'மா'வை லேசாகத் தொட்டுவிட வேண்டும். 'பாபா'வுக்கு முதல் 'பா' மேலிருந்து சட்டென்று இறங்கும். 'சியே சிய'யும் அப்படியே. 'சின் கூ'வில் 'சின்' உயரத்தில் சமம், 'கூ' தாழ்வு.

இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. பெண்ணே ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாகப் போனில் பதிவு செய்து கொடுக்கட்டும். பஸ்ஸிலும் நடையிலும் இரண்டு வாரம் கேட்டு, கூடவே சொல்லிப் பழக வேண்டும். சரியாக வந்துவிட்டதா என்று பெண்ணிடம் கேட்கக் கூடாது. என்ன சொல்ல வருகிறார் என்று அவளுக்கு முன்னாலேயே தெரியுமே! பேச்சைப் பார்க்காத மாண்டரின் நண்பர் ஒருவரிடம் சொல்லிக் காட்டி, 'நான் என்ன சொன்னேன்?' என்று கேட்க வேண்டும். அவர் அர்த்தத்தைத் திருப்பிச் சொன்னால் தேறியாச்சு. 'இன்னொரு தடவை சொல்லு' என்றால் அந்த வாக்கியத்தைச் சுருக்கிவிடலாம். இரண்டாவது வாக்கியம்தான் நீளம், அதுதான் பெரும்பாலும் மாட்டும். அதற்குப் பதில் 'சியே சிய பாபா, மாமா' என்று சொன்னாலே போதும்.

ஜோக்கும் பாட்டியும்

'திருநெல்வேலிக்காரன் உங்களுக்கு அல்வா கொடுக்க மாட்டேன்' என்று சொன்னால் நம் பக்கம் சிரிப்பு வெடிக்கும். மொழிபெயர்த்தால், 'இனிப்புகூடத் தரமாட்டானாமே' என்று அந்தப் பக்கம் முழிக்கும். அல்வாவைப் பெட்டியில் கொடுத்துவிட்டு, ஜோக்கை ஊர் வரவேற்புக்கு வைத்துக்கொள்வது நல்லது. 'உங்க மகளைக் கூட்டிட்டுப் போறேன்' என்பதும் வேண்டாம். நம்மிடம் 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வாரேன்' என்று சொல்கிற வழக்கம் இருக்கிறதே, அந்த நாசூக்கு சீனர்களிடமும் உண்டு. பிரிவு, முடிவு, சாவு வாடை அடிக்கிற சொல் எதுவும் கல்யாண மேடையில் கூடாது. நான்கு என்ற எண்ணைக்கூடத் தவிர்ப்பார்கள். அதன் ஒலி சாவு என்ற சொல்லின் ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கடைசியாக, பெண்ணின் பாட்டி. சிங்கப்பூர் அரசு மாண்டரின் பேசும்படி சீனர்களைக் கேட்டு இயக்கம் தொடங்கியது 1979-ல். அதற்கு முன்னால் வளர்ந்த பெரியவர்கள் பலருக்குத் தாய்மொழி ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ் போன்றவைதான். மாண்டரின் அவர்களுக்குமே பின்னால் வந்தது. பாட்டி எந்த மொழி என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அவர் மேஜைக்குப் போகும்போது அந்த மொழியில் ஒரே ஒரு நன்றி சொல்லலாம். ஹொக்கியன் என்றால் 'கம் சியா', கான்டனீஸ் என்றால் 'தோ ஜே'. பேத்தி வீட்டுப் பிள்ளைகளே மறந்துகொண்டிருக்கிற மொழியில், தாமிரபரணிக் கரைப் பையன் ஒரு சொல் சொன்னால் பாட்டி கையைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் மேடையில் சொன்ன ஐந்து வாக்கியத்தில் ஒன்று சறுக்கியிருந்தாலும் யாரும் கணக்கில் வைக்க மாட்டார்கள்.