கட்டட நிதி எங்கே இருக்கிறது?



"எல்லாம் கர்த்தருடைய பணந்தானே, எந்தக் கணக்கில் இருந்தால் என்ன?" என்று சபைகளில் கேட்கப்படுவதுண்டு. பக்தியாகத் தோன்றும் இந்தப் பேச்சு பக்தியன்று. கொடுத்தவருடைய நோக்கத்தை அழிப்பதாகும்.

ஒரு சபையை எண்ணிப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் கட்டட நிதியில் 4,00,000 ரூபாய் இருந்தது. 2,00,000 சேர்ந்தது, கட்டட வேலைக்கு 1,50,000 செலவாயிற்று. ஆகவே மீதம் 4,50,000 இருக்கவேண்டும். மருத்துவ உதவிக்கென்று கொடுக்கப்பட்டதில் 50,000 மீதம். இரண்டும் சேர்ந்து 5,00,000. ஆனால் வங்கியிலும் வைப்புத்தொகையிலும் கையிலும் இருப்பது 3,20,000 மட்டுமே. மற்ற 1,80,000 ஊழியர் சம்பளத்திலும் மின்கட்டணத்திலும் கரைந்துவிட்டது.

மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதம் 3,20,000 என்று ஆண்டறிக்கை சொல்லும். கூட்டலில் பிழையில்லை, சபையாரும் கைதட்டி ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் பொதுநிதி 1,80,000 ரூபாய் கடன்பட்டிருக்கிறது என்ற உண்மை அந்த ஒற்றை மீதத்துக்குள் புதைந்துபோகிறது. ஒவ்வொரு நிதிக்கும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, மாற்றம், முடிவிருப்பு என்று தனித்தனியே எழுதியிருந்தால் அது மறைந்திருக்க முடியாது.

இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்கவேண்டிய பணம் ஆசாரியர் கையில் சேர்ந்தது. யோவாஸ் ராஜாவின் 23ஆம் வருஷம்வரை பழுதுபார்க்கப்படவில்லை. அப்பொழுது யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தான். ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து பணத்தை எண்ணினார்கள். அது தச்சருக்கும் கொத்தருக்கும் போயிற்று. வெள்ளிக் கிண்ணங்களுக்கோ எக்காளங்களுக்கோ போகவில்லை. குற்றநிவாரண பலியின் பணமோ ஆசாரியருக்கே உரியதாய்த் தனித்து நின்றது. வேலை முடிந்தபின் மீந்ததே பணிமுட்டுகளுக்குப் பயன்பட்டது என்று நாளாகமம் கூறுகிறது.

"அந்த மனுஷரிடத்தில் கணக்குக் கேட்கவில்லையே" என்று அதே அதிகாரத்தைக் காட்டி வாதிடுவோர் உண்டு. கேளாமல் விட்டது வேலையை விசாரித்த உண்மையுள்ளவர்களிடத்தில். அதுவும் இருவர் எண்ணிக் கொடுத்த பிறகு. பணத்தைச் சேர்த்த ஆசாரியரிடத்தில் ராஜா கேட்கத்தான் கேட்டான்!

நெருக்கடியில் பொதுநிதிக்குப் பணம் தேவைப்படலாம். அப்படியானால் கொடுத்தவர்களுக்கு அறிவித்து, கடன் என்று எழுதி, திருப்பும் நாளையும் குறியுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூர் ஆலைக்கு இரவுப் பணிக்குச் செல்லும் சகோதரன், மிகைநேரக் கூலியைக் கட்டடத்துக்கென்று உறையில் எழுதிப் போடுகிறான். அந்த எழுத்து நமக்குக் கட்டளை. ஆகையால் வருகிற ஆண்டுக்கூட்டத்தில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: குறித்த நோக்கத்துக்கான நிதிகளின் மொத்த மீதம் எவ்வளவு, இன்று கையிலும் வங்கியிலும் இருப்பது எவ்வளவு? இரண்டாவது முதலாவதைவிடக் குறைவானால், அந்தக் குறையை அறிக்கையில் எழுதும்வரை அதை ஏற்றுக்கொள்ளாதிருங்கள்.