வலி போனால் நோய் போனதா?

இரண்டு வருஷத்துக்கு முன்பு, விடியற்காலை மூன்றரை மணி. வானொலியில் காலை நிகழ்ச்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பாயான் பாருவிலிருந்து மாமா போன் பண்ணினார். "கால் கட்டைவிரல்ல நெருப்பு வச்ச மாதிரி இருக்கு. போர்வை பட்டாலே உயிர் போகுது." படுக்கும்போது கால் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. அந்த வருஷத்தில் இது மூன்றாவது முறை. நோயின் பெயர் அவருக்கே தெரியும்: கவுட்.

யூரிக் அமிலம் நம் எல்லார் இரத்தத்திலும் இருக்கிறது. பெரும்பகுதியை உடலே உண்டாக்குகிறது. உணவிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாதபோது அளவு ஏறுகிறது. சூடான காப்பியில் கரையும் சீனி, ஐஸ் போட்டால் அடியில் தங்கிவிடுகிறதல்லவா? அதே கதைதான். இரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மைக்ரோமோலைத் தாண்டினால் யூரிக் அமிலம் முழுதாகக் கரைந்திருக்க முடியாது. உடலிலேயே குளிர்ச்சியான இடம் பாதம். அதனால் கட்டைவிரல் மூட்டில் ஊசி ஊசியாகப் படிகிறது.

இந்தப் படிகங்கள் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். ஒரு நாள் கொஞ்சம் உதிர்ந்து மூட்டு நீரில் கலந்தால், நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. படிகத்தைச் செரிக்க முடியாது. அந்த அணுக்கள் அபாயச் செய்தி அனுப்ப, வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து குவிகின்றன. வீக்கம், சிவப்பு, சூடு, வலி எல்லாம் சில மணி நேரத்தில் வந்துவிடும். 1962-இல் ஃபேர்ஸ், மெக்கார்ட்டி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இந்தப் படிகத்தைத் தங்கள் முழங்காலிலேயே ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் இருவருக்கும் வலியும் வீக்கமும் வந்துவிட்டன.

மாமாவை கிளினிக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு முன்பு வயிற்றுப் புண் இருந்ததால் டாக்டர் வழக்கமான வலி மாத்திரைகளைத் தவிர்த்தார். 0.5 மில்லிகிராம் கோல்ச்சிசின் முதலில் இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்னும் ஒன்று. ஐஸ் ஒத்தடம், ஓய்வு. மூன்று நாளில் நடந்தார்.

அன்று இரத்தத்தில் யூரிக் அமிலம் 395 என்று வந்தது. "அப்போ இது கவுட் இல்லையா?" என்று மாமா கேட்டார். வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு குறைந்து காட்டலாம், இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அப்போது 530.

பிறகுதான் உண்மை வெளியே வந்தது. மாமாவின் மேசை இழுப்பறையில் பழைய அலோபுரினால் மாத்திரைகள் இருந்தன. வலி வந்தால் இரண்டு நாள் போட்டு, வலி போனதும் நிறுத்திவிடுவாராம். டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "கோல்ச்சிசின் சண்டையை நிறுத்தும், படிகத்தைக் கரைக்காது. அலோபுரினால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும், வந்த வலியைத் தணிக்காது. நீங்க ஒன்னோட வேலையை இன்னொன்னுகிட்ட கேட்டிருக்கீங்க."

இந்த முறை தினமும் 100 மில்லிகிராமில் தொடங்கினார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, பிறகு இன்னொரு 100. அளவு 530-இலிருந்து 460, அடுத்து 400, 300 மில்லிகிராமில் 340. இலக்கு 360-க்குக் கீழே. அதற்குக் கீழே இருந்தால்தான் பழைய படிகங்கள் மெல்லக் கரையும்.

இரண்டாவது மாதத்தில் மறுபடியும் வலி வந்தது. "இந்த மருந்து ஒத்துக்கல" என்று மாமா நிறுத்தப் போனார். பலரும் சறுக்குவது இங்கேதான். அளவு இறங்கும்போது படிகங்கள் தளர்ந்து உதிர்வதால் ஆரம்ப மாதங்களில் வலி கூடலாம். அதைத் தடுக்கத்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதம் குறைந்த அளவு கோல்ச்சிசினும் சேர்த்துத் தருகிறார்கள். மாமா அதைத்தான் பாதியில் விட்டிருந்தார். வலி வந்தாலும் அலோபுரினாலை நிறுத்தக் கூடாது. ஆனால் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அரிதென்றாலும் அந்த ஒவ்வாமை உயிருக்கே ஆபத்து.

சாப்பாடு? பீர், ஈரல், மத்தி மீன், நாசி லெமாக்கில் வரும் இக்கான் பிலிஸ், சீனி பானங்கள் எல்லாம் அளவை ஏற்றும். பாவம், பருப்பு மேல் பழி வேண்டாம். சாம்பார் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் 530-ஐப் பத்தியம் மட்டும் 360-க்கு இறக்கிவிடாது.

ஒரு எச்சரிக்கை. மூட்டு வீக்கத்தோடு கடும் காய்ச்சலும் குளிரும் வந்தால், 'பழைய கவுட்தானே' என்று வீட்டில் இருக்காதீர்கள். மூட்டில் கிருமித் தொற்றும் அப்படித்தான் வரும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாமாவுக்கு வலி வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மாத்திரை இழுப்பறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. "வலியே இல்லையே, இன்னும் எதுக்கு?" என்று மாதம் ஒருமுறை கேட்பார். "அதனாலதான் இல்ல," என்பார் அத்தை.