உடற்கூறியல், உடலியங்கியல் பாடப்பகுதிகளின் தமிழாக்கம் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்று மருத்துவ, செவிலியர் படிப்புகளில் சேர்ந்துள்ள மாணவர்களின் சங்கத்திற்காக,
அதன் செயலாளர்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம்,
சென்னை.

பொருள்: முதலாமாண்டு உடற்கூறியல், உடலியங்கியல் பாடப்பகுதிகளைத் தமிழாக்கும் முறை – சொல் ஒழுங்கு, சரிபார்ப்பு, அச்சமைப்பு – கோரிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. அதன் வழியே சேர்ந்தவர்களும், தமிழ்வழியில் படித்துச் சேர்ந்த பிறரும் எங்கள் சங்கத்தில் இருக்கிறோம். தேர்வைத் தமிழில் எழுத அனுமதி கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. ஆங்கில நூலையே படித்து ஆங்கிலத்திலேயே எழுதுகிறோம். முதல் ஆறு மாதங்களில் அந்த நூலுக்குள் நுழைவதற்குத் தமிழில் ஒரு படிக்கட்டு வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அந்தப் படிக்கட்டு சரியாகக் கட்டப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

எங்கள் கைக்கு வந்த ஒரு தமிழாக்கப் படியில் இப்படி ஒரு வரி இருந்தது: “அல்னார் நரம்பு கையின் உட்புறமாக இறங்கி, உள் முண்டின் பின்னால் சென்று, முழங்கைக்குள் நுழைகிறது.” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதை முதலாமாண்டு மாணவர்களிடம் கொடுத்து, அந்த நரம்பு போகும் இடத்தைத் தம் உடலிலேயே தொட்டுக் காட்டச் சொன்னோம். ஒருவர் உள்ளங்கையைத் தொட்டார். இன்னொருவர் இரத்தம் எடுக்க ஊசி குத்தும் மடிப்பை அழுத்தினார். அவர்கள் தொட்டதில் தவறில்லை, வரி அப்படித்தான் சொல்கிறது.

பிழை மூன்று சொற்களில் இருக்கிறது. தமிழில் ‘கை’ என்றால் தோள் முதல் விரல் நுனி வரை எல்லாம் கைதான். உடற்கூறியலிலோ தோளிலிருந்து முழங்கை மூட்டு வரை ஓர் உறுப்பு, அதிலிருந்து மணிக்கட்டு வரை வேறு, அதற்குக் கீழே வேறு. ‘முழங்கை’ பேச்சில் மூட்டைக் குறிக்கிறது. அகராதியைப் பார்த்தால் முன்கைக்கும் அதே சொல் கிடைக்கிறது. மூன்றாவதான ‘உட்புறம்’தான் பெரிய வில்லங்கம். மீடியல் என்பது உடலின் நடுக்கோட்டை ஒட்டிய பக்கம். உள்ளங்கை முன்னோக்கி இருக்க நிமிர்ந்து நிற்கும் உடலில் அது சுண்டுவிரல் பக்கம். ஆழத்தில் இருப்பதற்கும், உள்ளே இருப்பதற்கும், நடுக்கோட்டுப் பக்கம் இருப்பதற்கும் ‘உள்’ என்ற ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் எதைப் பிடிப்பார்? ‘மேல்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். தலைப்பக்கம் இருப்பதும் மேல், தோலுக்கு அருகில் இருப்பதும் மேல்.

அதே பகுதியை எங்கள் மூத்த மாணவர்கள் மாற்றி எழுதினார்கள்: “அல்னார் நரம்பு மேற்கையில் நடுக்கோட்டுப் பக்கமாக இறங்குகிறது. முழங்கை மூட்டருகே, மீடியல் எபிகாண்டைல் எனும் எலும்பு முண்டின் பின்னால், தோலுக்கு மிக அருகில் செல்கிறது. பிறகு ஃப்ளெக்ஸர் கார்ப்பை அல்னாரிஸ் தசையின் இரு தலைகளுக்கு இடையே புகுந்து முன்கைக்குள் நுழைகிறது.” இதைப் படித்தவர்கள் எல்லாரும் சரியான இடத்தையே தொட்டார்கள். முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, அந்த இடம்தான். வேலை கடினமானதல்ல. சொல்லைத் தீர்மானிக்க யாராவது ஒருவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, தமிழாக்கம் தொடங்குமுன் திசைச் சொற்களுக்கும் உறுப்புப் பகுதிச் சொற்களுக்கும் ஒரே பட்டியல் வெளியிட வேண்டும் என்பது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பதோடு, அந்தச் சொல் வேறு எதையும் குறிக்காது என்ற உறுதியும் வேண்டும். ‘தசைநார்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘தசைநார் கிழிவு’ என்று செய்தித்தாளில் வருவது லிகமெண்ட். ‘தசைநார்ச் சிதைவு’ என்பதோ தசையின் நோய். டெண்டனையும் பலர் அதே சொல்லால் எழுதுகிறார்கள். நரம்பு இன்னும் மோசம். எங்கள் ஊர்களில் சிரை வழியே போடும் ஊசிக்கு ‘நரம்பு ஊசி’ என்றுதான் பெயர், கையில் புடைத்துத் தெரியும் சிரைக்கும் நரம்பு என்றே பெயர். இந்த வழக்கை முதல் பக்கத்திலேயே சொல்லி எச்சரித்துவிடுவது நல்லது.

இந்த வேலைக்கு முன்னோடி உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூறியல் நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்தது. உடலியங்கியலை அவர் ‘சுகரணம்’ என்றார். இன்று தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் அந்தச் சொற்கள் தெரியாது. பள்ளிப் பாடநூலில் இல்லாத சொல் கல்லூரியில் நிற்காது என்பதற்கு அவற்றைவிட வேறு சான்று வேண்டாம். எனவே பள்ளியில் படித்த தமனி, சிரை, நெஃப்ரான், நியூரான் ஆகியவற்றை மாற்ற வேண்டாம். தசை, நரம்புகளின் தனிப்பெயர்களை ஆங்கில ஒலிப்பிலேயே தமிழ் எழுத்தில் விட்டுவிடுங்கள். 2022 அக்டோபரில் போபாலில் வெளியான இந்தி நூல்களிலும் கலைச்சொற்களைப் பெரும்பாலும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

உடலியங்கியலில் சிக்கல் வேறு வகை. அங்கே சொல் சரியாக இருந்தும் வாக்கியம் பொய் சொல்லும். ஓய்விலிருக்கும் நரம்புச் செல்லின் உள்மின்னழுத்தம் ஏறத்தாழ -70 மில்லிவோல்ட். சோடியம் அயனிகள் உள்ளே நுழையும்போது அது -55ஐ நோக்கி நகர்கிறது. அதைத் தாண்டியதும் செல் தூண்டப்படுகிறது. எதிர்த்தன்மை குறைகிறது என்பது ஆங்கில நூலின் கருத்து. அந்தத் தமிழ்ப் படியில் “மின்னழுத்தம் குறைகிறது” என்றிருந்தது. ஒரே ஒரு சொல் விடுபட்டதில், படித்தவர் வரைபடத்தில் கோட்டைக் கீழே இறக்கினார். கீழே இறங்கும் கோடு ஒடுக்கப்பட்ட செல்லுடையது, நேர் எதிரான நிகழ்ச்சி. இத்தகைய இடங்களில் ‘கூடுகிறது’, ‘குறைகிறது’ இரண்டையும் தவிர்த்து, “-70இலிருந்து -55க்கு ஏறுகிறது” என்று எண்ணோடு எழுதச் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து எழுவது இரண்டாவது கோரிக்கை. ஒவ்வொரு பகுதியும் அச்சுக்குப் போகுமுன், மூலத்தைப் பார்க்காத முதலாமாண்டு மாணவர் ஐவரிடம் தரப்பட வேண்டும். உடற்கூறியல் என்றால் அவர்கள் எலும்புக்கூட்டிலோ தம் உடலிலோ தொட்டுக் காட்டட்டும். உடலியங்கியல் என்றால் வரைபடம் வரையட்டும். துறை ஆசிரியர் அதை மூலத்தோடு ஒப்பிடட்டும். ஐவரில் ஒருவர் தவறினாலும் வரி திருத்தப்பட வேண்டும். ஆங்கிலம் நன்கறிந்த ஆசிரியர் மட்டும் படித்துப் பார்த்தால் இந்தப் பிழைகள் சிக்கா. அவர் கண் தமிழ் வரியில் இருந்தாலும் மனம் மூலத்தைத்தான் படிக்கும்.

மூன்றாவது, அச்சமைப்பு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், இரண்டிலும் பத்தி எண் ஒன்றே. தமிழ் மட்டும் தந்தால் தேர்வறையில் ஆங்கிலச் சொல் கைகொடுக்காது. முழு நூல் இப்போது தேவையில்லை. உடற்கூறியலில் தோள் முதல் விரல் வரையிலான கைப்பகுதியும், உடலியங்கியலில் நரம்பு–தசைப் பகுதியும் முதலில் வந்தால் போதும். பதிப்பாளர்களிடம் மொழிபெயர்ப்பு உரிமை பெறும் பொறுப்பை இயக்ககமே ஏற்க வேண்டுகிறோம். அது தாமதமானால், அந்தப் பகுதிகளைத் துறை ஆசிரியர்களே புதிதாக எழுதித் தந்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

நாங்கள் திருத்திய அல்னார் நரம்புப் பகுதியையும், மின்னழுத்தப் பகுதியையும், திசைச் சொற்களின் வரைவுப் பட்டியலையும் இத்துடன் இணைத்துள்ளோம். அடுத்த கல்வியாண்டின் முதல் பிண அறுவை வகுப்புக்கு முன் அந்தக் கைப்பகுதிப் பாடம் மாணவரிடம் இருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்களுக்காக,
செயலாளர்.

இடம்: சென்னை