அந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது?

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் படித்த யாருக்கும் இந்த வரி மறந்திருக்காது: "கடனாளிகள் மீது 5% வாரா ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்கவும்." சரிக்கட்டுதலில் அதைப் போட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த 5 எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, அது கேள்வித்தாளிலேயே இருக்கிறது. நிஜ நிறுவனத்துக்கு அந்த எண்ணைத் தருவது யார்? அதன் பழைய வசூல் பதிவேடுதான் தரவேண்டும். பல இடங்களில் போன வருடத்து எக்செல் ஷீட் தருகிறது. சிக்கலே அங்கேதான்.

பெரிய, பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனங்கள் பின்பற்றும் இந்திய கணக்கியல் தரநிலை 109, கடனாளி கைவிரிக்கும் வரை காத்திருக்க விடுவதில்லை. பில் போட்ட நாளிலேயே, வராமல் போகக்கூடிய பங்கைக் கணக்கிடச் சொல்கிறது. இதன் பெயர் எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு. வியாபாரக் கடன்களுக்கு ஒரு எளிய வழியும் உண்டு. நிலுவையை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சதவீதம் போடலாம்.

அந்த சதவீதம் வரும் வழியைப் பார்ப்போம். ஒரு நூற்பாலை ஒரு காலாண்டில் 10 கோடிக்குக் கடனில் நூல் விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு நாளில் வராமல் நின்றது 3 கோடி. கெடு தாண்டி 30 நாள் ஆன பிறகும் வராதது 1.2 கோடி. 60 நாள் தாண்டியும் வராதது 60 லட்சம். 90 நாள் தாண்டியும் வராதது 40 லட்சம். கடைசிவரை வராமலே போனது 20 லட்சம்.

இழப்பு ஒன்றுதான், அதே 20 லட்சம். அதை ஒவ்வொரு கட்டத்திலும் நிலுவையில் நின்ற தொகையால் வகுக்க வேண்டும்:

கெடு வராதது: 2%
1-30 நாள் தாமதம்: 6.67%
31-60 நாள்: 16.67%
61-90 நாள்: 33.33%
90 நாளுக்கு மேல்: 50%

நாள் ஆக ஆக சதவீதம் ஏறுவது யாரோ ஊகித்ததால் அல்ல. நல்ல கடனாளிகள் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறார்கள், மீதி நிற்பவர்களிடையே மோசமானவர்களின் பங்கு கூடிவிடுகிறது. அவ்வளவுதான்.

வருடக் கடைசியில் அந்த ஆலையின் நிலுவை, இதே வரிசையில், 4 கோடி, 1.5 கோடி, 60 லட்சம், 30 லட்சம், 40 லட்சம். ஒதுக்கு 8 + 10 + 10 + 10 + 20, மொத்தம் 58 லட்சம். "90 நாள் தாண்டினால் பாதி, மற்றதெல்லாம் நல்ல கடன்" என்ற பழைய பழக்கப்படி போட்டால் வெறும் 20 லட்சம். விடுபட்ட 38 லட்சம் லாபமாகத் தோன்றும். அதைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கும், பங்குதாரர் டிவிடெண்ட் கேட்பார்.

ஆனால் சதவீதம் சரியாக இருந்தாலும் வயதுப் பட்டியல் பொய் சொன்னால் எல்லாம் வீண். 61-90 நாள் பிரிவில் உள்ள 10 லட்சத்துக்குக் கெடுவை நீட்டி "கெடு வராதது" பக்கம் தள்ளினால், அதன் ஒதுக்கு 3.33 லட்சத்திலிருந்து 20 ஆயிரமாகச் சுருங்கிவிடும். பில் தேதிக்கும் கெடு தேதிக்கும் உள்ள இடைவெளி ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் திடீரென்று நீண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். வந்த பணத்தை எந்த பில்லுக்கும் எதிராக வரவு வைக்காமல் விட்டிருந்தாலும் பட்டியல் நம்பத்தக்கதல்ல.

ரொக்க விற்பனையை அந்த 10 கோடியில் சேர்ப்பது இன்னொரு தவறு. வகுக்கும் எண் பெருத்து, முதல் பிரிவின் சதவீதம் காரணமில்லாமல் குறையும். அந்த 20 லட்சமும் ஒரே வாடிக்கையாளர் மூழ்கியதால் வந்தது என்றால், அதை எல்லோர் தலையிலும் சுமத்துவதும் சரியல்ல. அப்படிப்பட்டவரைத் தனியாக மதிப்பிட வேண்டும்.

கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, 2021 ஏப்ரல் முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு, கடனாளிகளின் வயதுப் பட்டியலை வெளியிடச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் தாமதமானவற்றில் அதன் முதல் பிரிவே "6 மாதத்துக்குக் குறைவு". மேலே உள்ள ஆலையில் 6 சதவீதமும் 33 சதவீதமும் அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

கடந்தகாலமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. நூல் வாங்கும் பின்னலாடைக்காரர்களுக்கு ஆர்டர் குறைந்தால், தரநிலைப்படியே சதவீதத்தை உயர்த்தியாக வேண்டும். எவ்வளவு, ஏன் என்று எழுதிவைக்கவும் வேண்டும். காரணம் எழுத முடியாத சதவீதம் எதுவானாலும், அது கேள்வித்தாளில் கொடுத்த அந்த 5 சதவீதத்துக்குச் சமம்தான்.