கோயில் பட்ஜெட்டின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை படிச்சுப் பாருங்க

 

வர்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு பட்ஜெட் தயாராயிடுச்சு, கோயில் அலுவலகத்தில் வைச்சிருக்காங்க. போன வருஷமும் வைச்சிருந்தாங்க. வந்து புரட்டிப் பார்த்தவங்க அன்னதானத்துக்கு எவ்வளவு, நவராத்திரிக்கு எவ்வளவு, ஐயர் சம்பளம் எவ்வளவுன்னு பார்த்துட்டு மூடி வைச்சிட்டாங்க. நானும் அப்படித்தான். கடைசிப் பக்கத்தை யாரும் பார்க்கல. அந்தப் பக்கத்தில் எண்கள் கொஞ்சம், கையெழுத்துகள் கொஞ்சம். யார் எவ்வளவு வெள்ளி வரைக்கும் செலவுக்கு அனுமதி கொடுக்கலாம் என்று ஒரு கட்டம் போட்டு, கீழே பொறுப்பாளர்கள் கையெழுத்தும் தேதியும் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

நம்ம கோயில் பக்கத்தில் இருப்பது இது. உபகுழுத் தலைவர் 500 வெள்ளி வரை. செயலாளர் அல்லது பொருளாளர், யாராவது ஒருவர், 3,000 வரை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து 10,000 வரை, அதற்கு மூன்று கடையில் விலை கேட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம். படிக்க நல்லாத்தான் இருக்கு. நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் இதே மாதிரி ஒரு தாள் உண்டு. சூப்பர்வைசர் இவ்வளவு, மேனேஜர் இவ்வளவு என்று. அதனால் எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

போன நவராத்திரிக்கு விளக்கு, ஒலிபெருக்கி வாடகை எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கடைக்காரர் மொத்தம் 8,400 வெள்ளி சொன்னார். நேரம் இல்லை, கொலு வைக்க நாலு நாள்தான். அவரே ஒரு யோசனை சொன்னார்: "அண்ணே, மூணு பில்லாப் போட்டுத் தர்றேன், உங்களுக்குச் சுலபம்." விளக்குக்கு 2,900, ஒலிபெருக்கிக்கு 2,800, ஒயர் இழுத்த கூலிக்கு 2,700. மூன்றும் 3,000-க்குக் கீழே. வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டேன், செயலாளர் மூன்றிலும் அனுமதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் ஒரு காசு எடுக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிடறேன்.

மூணு மாசம் கழிச்சு, கணக்கு எழுதுற தங்கச்சி (அவங்களும் தொண்டூழியர்தான்) ஃபைலை என் முன்னால் வைத்தார். பில் எண்கள் மூன்றும் ஒன்றுக்கு அடுத்து ஒன்று. தேதி ஒரே நாள். கடை ஒன்று, இடம் ஒன்று, வேலை ஒன்று. "அண்ணே, இது மூணு பில் இல்ல, ஒரு பில்லு மூணாக் கிழிச்சது"ன்னு சொன்னாங்க. எனக்கு முகத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியல.

அதோட விடல. பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்த்தா 2,900 என்பது 3,161 ஆகுது. 2,800 என்பது 3,052. அப்போ மூன்றில் இரண்டு பில்லுக்குச் செயலாளர் தனியாகக் கையெழுத்துப் போடவே முடியாது. நம்ம கோயில் வரியைத் திரும்பக் கேட்டு வாங்குவதில்லை, கோயில் பணத்திலிருந்து போவது முழுத் தொகைதான். ஆனால் கடைசிப் பக்கத்தில் 3,000 என்று மட்டும் இருக்கிறதே தவிர, வரியோடவா வரி இல்லாமலா என்று எழுதவில்லை. ஆளாளுக்கு வசதியானபடி படிச்சுக்கிறோம்.

இன்னொன்று. நவராத்திரி விளக்கு, ஒலிக்கு பட்ஜெட்டில் ஒதுக்கியது 8,000. மூன்று பில்லும் வரியோடு சேர்ந்து 9,156. கூடுதலாக 1,156 வெள்ளி போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. ஏன்னா கையெழுத்துப் போடுறவர் ஒவ்வொரு பில்லாப் பார்க்கிறார், அந்தத் தலைப்பில் இதுவரை எவ்வளவு போயிருக்குன்னு அவர் கண்ணில் படவே இல்லை. பட்ஜெட் தொகை வேறு, அனுமதி வரம்பு வேறு என்பதே எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது. பட்ஜெட் என்பது இந்தக் காரியத்துக்கு ஆண்டு முழுக்க இவ்வளவுதான் என்று பொதுக்கூட்டம் சொன்னது. வரம்பு என்பது அதற்குள்ளே ஒரு வேலைக்கு இன்னார் இவ்வளவு வரை சரி சொல்லலாம் என்பது. ரெண்டு வேலியையும் தாண்டாம இருக்கணும். நான் ரெண்டையும் தாண்டிட்டு நல்ல பேரும் வாங்கியிருந்தேன்.

பிறகு அதே சாமான்களுக்கு வேறு ஒரு கடையில் சும்மா விலை கேட்டுப் பார்த்தேன். கணிசமாகக் குறைத்துச் சொன்னார்கள். எவ்வளவுன்னு இங்க எழுத வேணாம், வயித்தெரிச்சல்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருது. "இது கம்பெனியா, கோயில். நம்பிக்கையில நடக்குது. வயசுல பெரியவங்களைப் போய் ரெண்டு கையெழுத்துக் கேக்குறியா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். அவர் சொல்வது பொய் இல்லை, நம்ம கோயிலை நம்பிக்கைதான் தூக்கி நிறுத்தியிருக்கு. ஆனால் 2005-ல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தில் நடந்ததை நம்ம வயசுக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டோம். தங்க முலாம் பூசிய குழாய், தலைமை நிர்வாகிக்கு ஆண்டுக்கு 6 லட்சம் வெள்ளி, எல்லாம் அவர்களே செய்தித்தாள் மேல் போட்ட அவதூறு வழக்கில்தான் உறுதியானது. எல்லாரும் குழாயைப் பத்தித்தான் பேசினோம். அந்த ஆண்டு டிசம்பரில் கேபிஎம்ஜி கொடுத்த ஆய்வறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நிர்வாகக் குழு தன் அதிகாரத்தைச் செயற்குழுவிடம் கொடுத்தது. செயற்குழு அதைத் தலைமை நிர்வாகியிடம் கொடுத்தது. ஒவ்வொரு படியிலும் தாளில் அனுமதி இருந்தது. கடைசியில் எல்லாம் ஒரே மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. குழுவில் இருந்தவங்க சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள்தான், அவரை நம்பினாங்க.

அதற்குப் பிறகு 2007-ல் அறநிறுவனங்களுக்கு நல்லாளுமை விதிமுறைகள் வந்தன, 2017-லும் 2023-லும் திருத்தினார்கள். பணம் வாங்குவது, கொடுப்பது, யாருக்கு எவ்வளவு அனுமதி அதிகாரம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அதில் எதிர்பார்க்கிறார்கள். நம்ம கடைசிப் பக்கம் வந்தது அந்த வழியில்தான். கோயில்களும் இதற்குள் வரும். 2018-ல் சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு பழைய கோயிலின் நிர்வாகத்தில் கடுமையான குறைபாடுகள் என்று அறநிறுவன ஆணையர் அறிக்கை வெளியிட்டபோது நம்ம எல்லாருக்கும் எப்படி இருந்ததுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பக்கம் இருக்கு. அதில் என்ன எழுதணும்? என் கருத்தை நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க.

முதலில், வரம்பு பில்லுக்கு இல்லை, வேலைக்கு. ஒரே வேலைக்கு எத்தனை பில் வந்தாலும், வரியோடு கூட்டிய மொத்தத்தை வைத்துத்தான் யார் கையெழுத்து என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு வரி எழுதியிருந்தால் என் 8,400 வெள்ளி வேலை 9,156 என்று நேராக மூவரிடம் போயிருக்கும். மூன்று கடையில் விலை கேட்டிருப்பேன். பட்ஜெட் 8,000 தான் என்று பொருளாளர் அப்பவே நிறுத்தியிருப்பார். அந்தக் கையெழுத்தும் வேலைக்கு முன்னாடி வாங்கணும். விளக்கு எரிஞ்சு முடிஞ்ச பிறகு போடுவது அனுமதி இல்லை, கடன் சீட்டு. கடைக்காரருக்குப் பணம் கொடுத்தே ஆகணும், அப்போ மாட்டேன்னு யார் சொல்ல முடியும்?

அடுத்தது, கேட்பவரே சரி சொல்லக் கூடாது. செயலாளர் தன் கைக்காசில் பூ வாங்கிவிட்டு, அந்தப் பில்லுக்கு அவரே அனுமதிக் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்திருக்கேன். 180 வெள்ளிதான், பூவும் வந்தது. இருந்தாலும் அவர் பில்லுக்குப் பொருளாளர், பொருளாளர் பில்லுக்குத் தலைவர், தலைவர் பில்லுக்கு வேறு இருவர் என்று பக்கத்திலேயே போட்டுவிட்டால் யாரும் யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது. குழுவில் இருப்பவரின் சொந்தக்காரர் கடை என்றால் அவர் அந்தக் கையெழுத்திலிருந்து விலகி, அதைக் குறிப்பிலும் எழுத வேண்டும்.

பிறகு, ஆள் இல்லாத நாள். தலைவர் ஒரு மாசம் ஊருக்குப் போறார். என்ன செய்றோம்? முந்தியெல்லாம் காசோலைப் புத்தகத்தில் நாலு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போவாங்க. இப்போ இணைய வங்கி வந்துடுச்சு. ஒருவர் தொகையைப் பதியணும், இன்னொருவர் சரிபார்த்து விடணும் என்று வங்கி ரெண்டு பேரை வைச்சிருக்கு. சரிபார்க்கிறவர் தன் டோக்கனையும் ரகசிய எண்ணையும் அலுவலகத்தில் கொடுத்துட்டா, ஒரே ஆள் ரெண்டு பொத்தானையும் அமுக்கிடலாம். பழைய கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைதான் அது, உருவம் மட்டும் வேற. அதனால் இன்னார் இல்லாதபோது இன்னார் என்று மாற்று ஆள் பெயரையும் பக்கத்தில் எழுதி, வங்கியிலும் பதிந்து வைக்க வேண்டும்.

அவசரத்துக்கு என்ன செய்றதுன்னு கேப்பீங்க. நியாயம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மடைப்பள்ளியில் குழாய் உடைந்தால் மூன்று விலை கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அதற்குத் தனி வரி போடலாம்: பொறுப்பாளர்களில் இருவர் வாட்ஸ்அப்பில் சரி சொன்னால் 3,000 வரை செய்யலாம், அந்தச் செய்தியை அச்செடுத்துப் பில்லோடு சேர்க்கணும், அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்கணும். ஆனா அவசரம்னா எதுன்னும் எழுதணும். தண்ணி, மின்சாரம், ஆளுக்கு ஆபத்து. நவராத்திரி வர்ற தேதி ஒரு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும், அது அவசரம் ஆகாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இதனால் தாமதம் வரும், இல்லைன்னு சொல்லல. சின்னச் செலவுக்கெல்லாம் கையெழுத்துக்காக ஓட வைத்தால் தொண்டூழியர்கள் சலித்துப்போய் மறுபடியும் பில்லைக் கிழிப்பார்கள். அதனால் உபகுழுவுக்கு 500 போதாது, 800 ஆக்கலாம் என்பதும் என் கருத்து. கற்பூரம், எண்ணெய், பிளாஸ்டிக் கிண்ணம் விலையெல்லாம் ஏறிப்போச்சு.

நான் கையெழுத்துப் போட்ட மூன்று பில்லையும் மேலாண்மைக் குழுவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததை எழுத்தில் கொடுத்துவிட்டேன். செயலாளர் கோபித்துக்கொள்ளவில்லை, "நானும் கூட்டிப் பாக்கலையே தம்பி" என்றார். மேலே சொன்ன திருத்தங்களையும் பொதுக்கூட்டத்தில் வைக்கக் கேட்டிருக்கிறேன், முன்மொழிய நான், வழிமொழிய ஒரு ஆள் வேணும். உறுப்பினராக இருப்பவர்கள் அலுவலகத்தில் பட்ஜெட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு, சரின்னு பட்டா எனக்கு ஒரு செய்தி போடுங்க. சாயந்திர பூஜைக்குப் பிறகு காலணி வைக்கும் இடத்துப் பக்கம்தான் இருப்பேன்.