ஃபெரிட்டின் 'நார்மல்'... ஆனாலும் இரும்புச்சத்துக் குறைவா?

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறும் 60 வயதுப் பெண் ஒருவருக்கு, நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 10.5. ஃபெரிட்டின் 140; லேப் ரிப்போர்ட்டில் அது 'நார்மல்'.

ஃபெரிட்டின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. வழக்கமாக 30-க்குக் கீழே போனால்தான் குறைவு என்பார்கள். ஆனால், இதயச் செயலிழப்பில் உடலுக்குள் இருக்கும் அழற்சி, அந்த அளவை உயர்த்திக் காட்டிவிடும். அதனால் இவர்களுக்கு 100-க்குக் கீழ் இருந்தாலே குறைவுதான். 100 முதல் 299 வரை என்றால், 'டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்' பரிசோதனையும் அவசியம். அது 20 சதவிகிதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு உறுதி. இவருக்கு 14.

மாத்திரை போதாதா? அதே அழற்சி, குடல் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். அதனால்தான், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர்களுக்கு மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாக இரும்பை ஏற்றுகிறார்கள் டாக்டர்கள்.